ரீல் போடுவது வேறு, ரீல் விடுவது வேறு

என் அக்கா மகள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். இந்த வருடம் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். விடுதிக்குப் போன மூன்றாம் நாள் ராத்திரி எனக்குப் போன் வந்தது.

"மாமா, இங்க ஒருத்தி என்னைப் பார்த்து 'ரீல் விடாதடி'ன்னு சொல்றா. நான் இன்ஸ்டாகிராம்லயே இல்லையே. எங்க ரீல் விட்டேன்?"

அதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை சிறுத்தை வந்தது என்று சொன்னாளாம். புனேயின் ஓரங்களில் சிறுத்தை வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அது அதிசயம். அவர்கள் பாஷையில் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், இவளுக்குத் தீர்ப்பு புரியவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. நானும் வெளியூர்த் தமிழன்தான். 2009இல் சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது பாட்டியிடம் கற்ற தமிழ். 'சலிப்பாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியும். 'மொக்கையா இருக்கு' என்று சொல்லத் தெரியாது.

சேர்ந்த இரண்டாம் மாதம் கல்லூரி விழா. மூன்றாம் ஆண்டு சீனியர் ஒருவர் குறுநாடகத்தில் நடித்தார், உண்மையாகவே நன்றாக நடித்தார். மேடையை விட்டு இறங்கி வந்தவரிடம் நான் முந்திக்கொண்டு போய்ச் சொன்னேன்: "அண்ணா, செமயா சீன் போட்டீங்க!"

பாராட்டித்தான் சொன்னேன். நாடகத்தில் சீன் வரும், நாடகம் 'போடுவார்கள்', ஆகவே சீன் போட்டார் என்று என் கணக்கு. அவர் முகம் சுருங்கியதையும், பக்கத்தில் நின்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்ததையும் பார்த்தபோதுதான் எங்கேயோ இடறிவிட்டது என்று தெரிந்தது. சீன் போடுவது என்றால் இல்லாத பெருமையை இருப்பதாகக் காட்டி அலட்டுவது. எல்லோருக்கும் முன்னால் ஒரு சீனியரைப் பார்த்து, 'நன்றாக அலட்டினீர்கள் அண்ணா' என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஒரு வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அன்று ராத்திரி என் அறைத்தோழன், மதுரைக்காரன், வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒன்று சொன்னான். "நீ பெயர்ச்சொல்லை மனப்பாடம் பண்றடா. இதுல வினைச்சொல்தான் முக்கியம்." அவன் தமிழ்ப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன், அதனால் இலக்கணத்தோடு பேசுவான். அவன் சொன்னதை அப்போது கிண்டல் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், இதைவிட உருப்படியான பாடம் அந்த நான்கு வருடத்தில் எனக்கு யாரும் எடுக்கவில்லை.

ரீலையே எடுத்துக்கொள்வோம். ரீல் போட்டால் இன்ஸ்டாகிராமில் வீடியோ ஏற்றியிருக்கிறான். ரீல் விட்டால் பொய் சொல்கிறான். ரீல் சுற்றினாலும் பொய்தான், கொஞ்சம் நீளமான பொய். இந்த ரீல் செல்போனுக்கு முந்தியது, சினிமாப் படச்சுருள் காலத்து ரீல். டூப்பும் அப்படித்தான். சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதிலாக விழுகிறவர் டூப் போடுகிறார், அது பிழைப்பு. நண்பன் டூப் விட்டால் புளுகுகிறான். ஒரே சொல், வினை மாறியதும் ஆளே மாறிவிடுகிறது.

மதுரைக்காரன் சொன்ன கணக்கு இதுதான். வாயிலிருந்து கிளம்பிக் காற்றில் போகிறவை எல்லாம் 'விடு'வோடு வரும். பட்டம் விடுகிறோம், புகை விடுகிறோம், கதை விடுகிறோம் அல்லவா, அதே மாதிரி ரீல், பீலா, புருடா, உடான்ஸ், உதார் எல்லாவற்றையும் 'விடு'கிறோம். வேஷம் போடுவது போல உடம்பை வைத்துச் செய்கிற அலட்டலுக்குப் 'போடு', அதனால் சீன் போடுவது. அடுத்தவர் பார்க்க வேண்டும் என்றே செய்தால் 'காட்டு': படம் காட்டுவது, பந்தா காட்டுவது. எதிராளியின் தலையில் ஏற்றினால் 'கொடு': பில்டப் கொடுப்பது. கடைசியில் எல்லாம் கவிழ்ந்து மானம் போனால் 'வாங்கு': பல்பு வாங்குவது, மொக்கை வாங்குவது. விதிவிலக்கு உண்டு, ஆனால் புதிதாக வருகிறவருக்கு இந்தக் கணக்கு பத்துக்கு எட்டுத் தடவை கைகொடுக்கும்.

மொக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு சொல் இல்லை, ஒரு குடும்பம்.

தமிழில் மொக்கை என்றால் முதலில் மழுங்கியது. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்று வீட்டிலேயே சொல்வோம். சலிப்பூட்டும் பேச்சை இதற்கு முன்பிருந்தே அறுவை என்பார்கள். கழுத்தறுப்பு, ரம்பம் என்பதும் அதே குடும்பம்தான். அறுப்பதற்குக் கருவி வேண்டுமே என்பது போல ஆங்கிலத்திலிருந்து பிளேடும் வந்து சேர்ந்துகொண்டது. 'சார் இன்னிக்கு ஒரு மணி நேரம் பிளேடு போட்டார்' என்றால் யாரும் காயமடையவில்லை, வகுப்பு தாங்கவில்லை, அவ்வளவே. மதுரைக்காரன் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். கூரான பிளேடு என்றால் சட்டென்று அறுத்துவிடும், வலி தெரியாது. மொக்கையான பிளேடு என்றால் அறுபடவும் செய்யாது, விடவும் விடாது. அதனால்தான் பிளேடைவிட மொக்கை மோசம் என்பான். சொல் வரலாறு அப்படித்தானா என்பது வேறு விஷயம், அனுபவம் அப்படித்தான்.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில். மொக்கை என்றால் சலிப்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து அறைப் பையன் வந்து, "வா மச்சி, மாடில கொஞ்ச நேரம் மொக்கை போடலாம்" என்றான். நான் பரிதாபமாக, "வேணாம்டா, எனக்குத் தூக்கம் வருது" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. சலிப்பூட்டக் கூப்பிடுகிறான் என்று நான் நினைத்தேன். அவன் கூப்பிட்டது சும்மா உட்கார்ந்து பேச, அதாவது நட்புக்கு. 'மொக்கை போடலாம்' என்று சேர்த்துச் சொன்னால் அது அழைப்பு. 'மொக்கை போடாத' என்று ஒருவனைச் சொன்னால் அது அலுப்பு. 'படம் மொக்கை' என்றால் தரமில்லை. 'மொக்கை வாங்கினான்' என்றால் அவமானப்பட்டான். 'மரண மொக்கை' என்றால் எழுந்து போகவும் தெம்பில்லை. கூடவே 'கடி' என்று ஒன்று இருக்கிறது, அது பேச்சின் நீளத்தைப் பற்றியது அல்ல, சொல்லை வைத்து விளையாடிச் சிரிப்பு வராமல் போகிற ஜோக்கைப் பற்றியது. கடித்தவனுக்கும் தான் கடிக்கிறோம் என்று தெரியும், அதனால் அதில் குற்றம் இல்லை.

சரி, பொய்க்கும் அலட்டலுக்கும் வருகிறேன். இவை எல்லாமே 'பொய்', 'பெருமை' என்று அகராதி மாதிரி எழுதி வைத்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரே ஆள் ஒரே கதையில் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால்தான் எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியும். எனக்கு அந்த பாக்கியம் இரண்டாம் செமஸ்டரில் கிடைத்தது.

எங்கள் தளத்தில் ஒரு வேலூர்க்காரன் இருந்தான். நல்ல பையன். விடுமுறை முடிந்து திரும்பி வந்த அன்று மாலை எங்கள் அறைக்கு வந்தான். கையில் ஹெல்மெட். அறைக்குள் எதற்கு ஹெல்மெட்? அதை மெதுவாக மேஜை மேல் வைத்தான், கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான், கட்டிலில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தான். யாரும் கேட்கவில்லை. மதுரைக்காரன் என் காதோரம் வந்து, "சீன் ஆரம்பிச்சாச்சு" என்றான். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அது சீன்தான். அதற்குப் பேச்சு தேவையில்லை.

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இதுவரைக்கும் நம்ம காலேஜ்ல யாரும் பண்ணதில்ல. வேணாம் விடுங்க, சொல்லல" என்றான் வேலூர்க்காரன். இது பில்டப். இதில் இன்னும் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வரப்போகிற விஷயத்துக்கு ஊதிக் கொடுக்கிற காற்று மட்டும்தான். பின்னால் வருவது நிஜமாகவே பெரிதாக இருந்தால் பில்டப் மன்னிக்கப்படும்.

"வேலூர்ல இருந்து பைக்ல ஒன்றரை மணி நேரத்துல வந்துட்டேன் மச்சி." இது ரீல். கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். அவன் சொன்ன நேரத்தில் வர வேண்டுமென்றால் எங்கேயும் நிற்காமல் மணிக்குத் தொண்ணூறுக்கு மேல் சராசரி வேண்டும், அதுவும் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டி, 100 சிசி வண்டியில். ரீலுக்கு அடையாளமே இந்த அளவுதான்: நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கவில்லை. பீலா, புருடா எல்லாம் இதே இனம்தான். ரீலில் கதை ஓட்டம் இருக்கும், புருடா ஒற்றை வரியிலேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு, மற்றவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"வழியில போலீஸ் நிறுத்தினாங்க. எங்க சித்தப்பா யாருன்னு தெரியுமான்னு கேட்டேன். சல்யூட் அடிச்சு அனுப்பிட்டாங்க." இது உதார். ரீலுக்கும் உதாருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது இந்த வரியில்தான். ரீல் நடந்ததைப் பற்றிய பொய், உதார் பலத்தைப் பற்றிய பொய். 'நான் யாருன்னு தெரியுமா', 'ஒரு போன் போட்டா போதும்', 'வெளிய வா பார்த்துக்கறேன்' எல்லாம் உதார். சமயத்தில் அதில் மிரட்டலும் கலந்திருக்கும். புதியவர்கள் இதற்குத்தான் அநாவசியமாகப் பயப்படுகிறார்கள். சத்தம் மேலே போகப் போக ஆள் பின்னால் போய்க்கொண்டிருந்தால் அது உதார்தான்.

பிறகு அவன் ஆங்கிலத்துக்கு மாறினான். இன்ஜின், டார்க், ஏரோடைனமிக்ஸ் என்று நாக்கைச் சுழற்றி நான்கு வாக்கியம். "பீட்டர் விடாதடா" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் அந்தப் பீட்டர் என்று அப்போது நான் அப்பாவியாகக் கேட்டேன். ஆள் யாரும் இல்லை. தமிழ் தெரிந்தவர்கள் நடுவில், தேவையில்லாத இடத்தில், அலட்டலுக்காக ஆங்கிலம் பேசுவதுதான் பீட்டர் விடுவது. ஆங்கிலம் பேசுவது பீட்டர் ஆகாது. தெலுங்குப் பையனோடு பேசினால் அது பேச்சு, நம்மோடு பேசினால் பீட்டர்.

இவ்வளவு தாண்டியும் அவன் தப்பித்திருப்பான். கடைசியில் ஒரு நகாசு வேலை செய்யப் போய்த்தான் மாட்டினான். "டோல்ல காசு கொடுத்து சில்லறை வாங்கறதுக்குள்ள அஞ்சு நிமிஷம் போச்சு. இல்லன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன், அதுவரை வாயே திறக்காதவன், தலையைத் தூக்காமல் கேட்டான்: "பைக்குக்கு ஏதுடா டோலு?"

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. பைக்கில் ஒரு தடவை வந்திருந்தாலும் தெரிந்திருக்கும். இரண்டு விநாடி அமைதி. அப்புறம் மதுரைக்காரன் கையைத் தட்டி, "ரீலு அந்து போச்சு!" என்றான். தியேட்டரில் படச்சுருள் அறுந்தால் கத்துகிற மாதிரியே அறை முழுக்க விசில். வேலூர்க்காரன் பேருந்தில்தான் வந்தான், ஹெல்மெட் அடுத்த அறையில் கடன் வாங்கியது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவன் வாங்கியது பல்பு. மொக்கை வாங்கினான் என்றும் சொல்லலாம். அதன் பிறகு ஒரு மணி நேரம், ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா என்று அவன் விளக்கிக்கொண்டே இருந்தான் பாருங்கள், அதுதான் பிளேடு.

அன்றைக்கு நான் கவனித்த இன்னொரு விஷயம்: யாரும் கோபப்படவில்லை, அவனும் கோபப்படவில்லை. எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். 'பொய் சொல்லாதே' என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். 'ரீல் விடாத' என்பதில் பாதி குற்றச்சாட்டு, பாதி 'கதை நல்லா இருக்கு, மேல சொல்லு'. சிறுத்தை விஷயத்தில் அக்கா மகள் செய்த தவறு இதுதான். நிஜமாகத்தான் வந்தது என்று நிரூபிக்கப் பழைய செய்திகளைத் தேடி எடுத்துக் காட்டினாளாம். அதற்கு அவர்கள் "ஓவரா சீன் போடுறா" என்று அடுத்த தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். "நம்பலன்னா போங்கடி" என்று சிரித்துவிட்டுப் படுத்திருந்தால் மறுநாள் அவர்களே சிறுத்தை பற்றிக் கேட்டிருப்பார்கள்.

சீனில் இன்னொரு குழப்பம் உண்டு. 'அதெல்லாம் ஒரு சீனே இல்ல மச்சி' என்று சொன்னால் அது ஆறுதல், அந்த வேலை ஒன்றும் கஷ்டமில்லை என்று பொருள். 'உனக்கு அவ்வளவு சீன்லாம் இல்ல' என்று சொன்னால் மட்டம் தட்டுகிறான். முதல் வருடம் இந்த இரண்டையும் நான் மாற்றிப் புரிந்துகொண்டு, ஆறுதல் சொன்னவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

உச்சரிப்பும் முக்கியம். சொல் ஆங்கிலம், நாக்கு தமிழ். ரீலு, சீனு, பிளேடு, பில்டப்பு, பீட்டரு என்று கடைசியில் அந்த உகரம் வந்து உட்கார வேண்டும். நான் புதிதில் சீன் என்பதை ஆங்கிலப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி சுத்தமாகச் சொல்வேன். 'பீட்டர் விடாதே' என்பதைக்கூட இவன் பீட்டராகத்தான் சொல்கிறான் என்று அதற்கும் ஓட்டினார்கள்.

யாரிடம் சொல்லலாம் என்பது எளிது: உன்னை 'டா', 'டி' போட்டுக் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும். சீனியரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சொல்லலாம், அப்போதும் பலர் 'பிளேடு போட்டார்' என்று 'ஆர்' விகுதியோடுதான் சொல்வார்கள், அறுத்தாலும் அண்ணன் அண்ணன்தானே. வீட்டில் வேண்டாம். விடுமுறையில் போய் அப்பாவிடம் 'சீன் போடாதீங்கப்பா' என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

ஊருக்கு ஊர் சரக்கும் மாறும். மதுரைக்காரன் ஆர்ப்பாட்டமான அலட்டலை அலப்பறை என்பான், முறுக்கிக்கொண்டு பேசினால் சலம்புறான் என்பான். இரண்டாம் வருட முடிவில் எங்கள் தளத்தில் சென்னைப் பையன்களும் அலப்பறை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அவன் பதிலுக்கு பீலாவை எடுத்துக்கொண்டான். இதில் கெத்து மட்டும் தனி. அது பாராட்டு. அடுத்தவர்கள் உன்னைப் பார்த்துச் சொன்னால் கெத்து, அதையே நீயாகச் சொல்லிக்கொண்டால் சீன்.

இவ்வளவையும் அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "மாமா, பீலா, புருடான்னு நான் சொன்னா இங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்லையாம். உருட்டுன்னுதான் சொல்றாங்க. 'என்னமா உருட்டுறா பாரு'ன்னு." வினை உருட்டு, பெயரும் உருட்டு. மதுரைக்காரன் கணக்கில் இது எங்கே உட்காரும் என்று யோசித்தேன். விடவும் வேண்டாம், போடவும் வேண்டாம், சொல்லே வினையாக உருளுகிறது. உற்சாகமாகிவிட்டது. உடனே பீலாவிலிருந்து உருட்டு வரை எப்படி மாறியிருக்கலாம் என்று ஏழு நிமிடத்துக்கு இன்னொரு பதிவு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்திலேயே பதில் வந்துவிட்டது. முழுதாகக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

"மொக்கை போடாதீங்க மாமா."

வினை சரியாக இருந்தது. 'ஈங்க'வும் இருந்தது.